புகைப்படமாக வந்த வரைபடத்திலிருந்து கூரைத் தளத்தின் கான்கிரீட் அளவையும் சிமெண்ட் மூட்டைகளையும் கணக்கிடுவது எப்படி?

வீட்டுக் கூரைத் தளத்திற்குக் கான்கிரீட் போடும் நாள் நெருங்கும்போது, கட்டுமானப் பொறியாளர் கொடுத்த வரைபடம் பெரும்பாலும் தாளாகக் கைக்கு வருவதில்லை. தளத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கும் தாளை யாரோ ஒருவர் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறார். அதை வைத்துக்கொண்டு எத்தனை கன மீட்டர் கான்கிரீட் வேண்டும், எத்தனை மூட்டை சிமெண்ட் இறக்க வேண்டும் என்று அன்று மாலைக்குள் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த ஒரு வேலையை மட்டும், ஓர் இருபடுக்கையறை வீட்டின் கூரைத் தளத்தை எடுத்துக்காட்டாக வைத்து, தொடக்கம் முதல் கொள்முதல் வரை விளக்குகிறது.

கணக்கு மிக எளிது. நீளத்தை அகலத்தாலும் கனத்தாலும் பெருக்கத் தெரிந்தால் போதும். பிழை பெரும்பாலும் பெருக்கலில் நிகழ்வதில்லை, படத்தை வாசிப்பதில் நிகழ்கிறது. அதிலும் கனத்தைக் குறிக்கும் அந்த ஒரே எண்ணில் நிகழும் பிழைதான் மிகப் பெரியது. 27 அடி நீளத்தில் இரண்டு அங்குலம் தவறினால் கான்கிரீட் அளவு ஒரு சதவீதம்கூட மாறாது. ஆனால் 125 மி.மீ. கனத்தை 150 என்று வாசித்துவிட்டால் தளத்தின் கான்கிரீட் 20 சதவீதம் கூடிவிடுகிறது. ஆகவே, நம் கவனத்தின் பெரும்பகுதி கனத்தின் மீது இருக்க வேண்டும்.

முதலில் படத்தைச் சரியாகப் பெறுங்கள்

வரைபடத்தின் மூலக் கோப்பு பொறியாளரிடம் பி.டி.எஃப் வடிவில் இருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் அது கிடைக்குமென்றால் புகைப்படத்தோடு போராட வேண்டியதில்லை. கிடைக்காத நிலையில், படம் எடுப்பவரிடம் நான் கேட்பது இதுதான்: தாளைச் சுவரிலிருந்து எடுத்துச் சமதளத்தில் விரித்து, பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, நான்கு மூலைகளும் தெரியும்படி ஒரு படம் எடுக்க வேண்டும். அதன் பிறகு தளத்தின் ஒவ்வொரு பகுதியையும், குறுக்குவெட்டுப் படத்தையும், வலது கீழ்மூலையில் இருக்கும் பெயர்க் கட்டத்தையும், பொதுக் குறிப்புகளையும் நெருக்கமாகத் தனித்தனிப் படங்களாக எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சிறிய எண்கள் கலங்கிவிடுகின்றன. அதே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் தெளிவு குறையாது.

படம் வந்தவுடன் பெயர்க் கட்டத்தில் திருத்த எண்ணையும் தேதியையும் பாருங்கள். R0 என்ற தாளை வைத்துக் கணக்கிட்டுக் கொடுத்த பிறகு, தளத்தில் R2 தாளின்படி சென்ட்ரிங் அடித்திருப்பதைக் காண்பது அரிதான அனுபவம் அன்று.

புகைப்படத்தில் அளவுகோல் வைக்காதீர்கள்

தாளின் ஓரத்தில் 1:100 என்று அச்சிட்டிருந்தாலும், புகைப்படமாக மாறிய கணத்திலேயே அந்த விகிதம் செல்லாததாகிவிடுகிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டு வீட்டின் அகலம் 23'-9", தளத்தின் முன்பக்க விளிம்பும் பின்பக்க விளிம்பும் ஒரே நீளம் கொண்டவை. ஆனால் வந்த படத்தைக் கணினித் திரையில் விரித்து அளந்தபோது, கேமராவுக்கு அருகில் இருந்த விளிம்பு 9.5 செ.மீ., தொலைவில் இருந்த விளிம்பு 8.7 செ.மீ. என்று வந்தது. சற்றே சாய்ந்த கோணத்தில் எடுத்ததால் மட்டுமே ஏறத்தாழ 9 சதவீத வேறுபாடு. இந்தப் படத்தில் ஒரு தெரிந்த நீளத்தை வைத்து மற்ற நீளங்களை விகிதத்தால் கண்டுபிடித்தால், அந்தப் பிழை முழுவதும் கணக்குக்குள் வந்துவிடும். எனவே எழுதப்பட்ட எண்களை மட்டுமே எடுக்க வேண்டும். எண் இல்லாத இடத்திற்கு மற்ற எண்களைக் கூட்டியோ கழித்தோ அளவைக் காண வேண்டும். அதுவும் இயலாவிட்டால் தளத்தில் டேப் பிடித்து அளக்கச் சொல்ல வேண்டும்.

நீள அகலங்களைச் சங்கிலியாகச் சரிபார்த்தல்

நம் எடுத்துக்காட்டில் மொத்த அகலத்தின் எண் ஒரு கறையின் கீழ் மறைந்து, 23'-0" என்றும் 23'-9" என்றும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. இத்தகைய இடங்களில் அறைகளின் உள்ளளவுகளையும் சுவர்களின் கனத்தையும் ஒரே வரிசையில் கூட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அகலத்தில் 9" சுவர், 11'-0" அறை, 9" சுவர், 10'-6" அறை, 9" சுவர் என்று இருந்தது; கூட்டினால் 23'-9". நீளத்தில் 9", 14'-0", 9", 11'-3", 9" என்று இருந்தது, கூட்டினால் 27'-6". படத்தில் எழுதியிருந்த மொத்த நீளமும் அதுவே. ஒரு திசையில் கூட்டுத்தொகை ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்றே காரணமாக இருக்கும்: ஓர் எண்ணைத் தவறாக வாசித்திருக்கிறோம், அல்லது சில அளவுகள் சுவரின் முகத்திலிருந்தும் சில அளவுகள் தூண்களின் மையத்திலிருந்தும் குறிக்கப்பட்டிருக்கின்றன. மையத்திலிருந்து மையம் வரை குறித்த அளவுகளை அப்படியே எடுத்தால், தளத்தின் சுற்றிலும் பாதிச் சுவர்க் கனம் விடுபட்டுப்போகும்.

அடி அங்குலத்தைத் தசமமாக மாற்றும்போது ஒரு கணம் நிதானிப்பது நல்லது. 27'-6" என்பது 27.5 அடி, 27.6 அன்று. 23'-9" என்பது 23.75 அடி, 23.9 அன்று. அங்குலத்தை 12-ஆல் வகுத்த பிறகே புள்ளிக்கு வலப்பக்கம் எழுத வேண்டும். நீள அகலங்களில் இந்தத் தவறு ஒரு சதவீத அளவில் முடிந்துவிடும். ஆனால் 5 அங்குலக் கனத்தை 0.5 அடி என்று எழுதிவிட்டால், சரியான மதிப்பாகிய 0.417 அடியைவிடக் கணக்கு 20 சதவீதம் ஊதிவிடுகிறது. கையால் எழுதிய எஸ்டிமேட்களில் நான் மிகுதியாகக் கண்ட பிழை இதுதான்.

கனத்தை வாசித்தல்

கனம் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கலாம். தளத்தின் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் S1, S2 என்ற பெயரோடு 125 THK என்று இருக்கலாம்; பொதுக் குறிப்புகளில், வேறாகக் குறிப்பிடாத இடங்களிலெல்லாம் தளத்தின் கனம் இவ்வளவு என்று ஒரு வரி இருக்கலாம்; குறுக்குவெட்டுப் படத்தில் இரண்டு கோடுகளுக்கு இடையில் எண் இருக்கலாம். மூன்றையும் பார்த்து, மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்கு மட்டும் வேறு கனம் இருப்பது உண்டு. அந்தக் கட்டத்தின் பரப்பைத் தனியாகப் பிரித்துக்கொண்டுதான் கணக்கிட வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த தொடக்கத்தில், ஒரு வீட்டின் வரைபடம் நான்காக மடித்த தாளின் புகைப்படமாக வந்தது. கூடத்தின் மேல் எழுதிய கனத்தின் மீது மடிப்புக் கோடு ஓடியிருந்தது. முதல் இலக்கம் 1 என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மற்றக் கட்டங்களில் 125 என்று இருந்ததால் இதுவும் 125 என்றே எடுத்துக்கொண்டேன். உண்மையில் கூடம் பெரியது என்பதால் அங்கே 150 கொடுத்திருந்தார்கள். மேஸ்திரி தாளைப் பார்த்து ஓரப் பலகையைச் சரியாக 150-க்கு நிறுத்தியிருந்தார். மாலை நான்கு மணிக்குக் கூடத்தின் ஒரு பக்கம் நிரம்பாமல் நிற்க, சிமெண்ட் தீர்ந்துவிட்டது. கடையிலிருந்து மூட்டை வந்து சேர்வதற்குள் போட்ட விளிம்பு இறுகத் தொடங்கிவிட்டதால், வேலையை அங்கேயே நிறுத்தி, மறுநாள் இணைப்பு வைத்துத் தொடர வேண்டியதாயிற்று. அந்தக் கூரையில் திட்டமிடாத இடத்தில் ஓர் இணைப்பு விழுந்ததற்கு நான் வாசித்த ஓர் எண்தான் காரணம். அன்று முதல், தெளிவாகத் தெரியாத கனத்தை நான் ஊகித்து எழுதுவதே இல்லை.

ஊகிக்கக் கூடாது என்றாலும், வாசித்த எண் நம்பத்தகுந்ததா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. இந்தியத் தர நிர்ணயமான IS 456:2000, இரு திசைகளிலும் தாங்கப்பட்ட, குறுகிய இடைவெளி 3.5 மீட்டர் வரை உள்ள, வீடுகளில் வருவது போன்ற பளுவைத் தாங்கும் தளங்களுக்கு இடைவெளிக்கும் கனத்துக்கும் இடையிலான விகிதத்தைத் தருகிறது. Fe 415 தர உயர்வலிமைக் கம்பிகளுக்கு அது 28. தளம் அடுத்த கட்டத்துக்கும் தொடர்ந்து செல்லுமானால் 32. நம் வீட்டின் பெரிய கட்டம் 14'-0" நீளமும் 11'-0" அகலமும் கொண்டது. குறுகிய திசையின் 11 அடி என்பது 3.35 மீட்டர், கணக்கிடும் இடைவெளி 3.45 மீட்டர் எனக் கொண்டால், 3450-ஐ 28-ஆல் வகுக்க 123 மி.மீ. வருகிறது. எனவே 125 என்ற வாசிப்பு பொருந்துகிறது. இந்தச் சோதனை கனத்தைத் தீர்மானிப்பதற்கு உரியது அன்று. தீர்மானிப்பது பொறியாளரின் பொறுப்பு. 125-ஐ 175 என்று வாசித்துவிட்டோமா என்ற ஐயம் எழும்போது யாரை அழைத்துக் கேட்க வேண்டும் என்பதை நமக்கு நினைவூட்ட மட்டுமே இது பயன்படும்.

இன்னொரு குழப்பம், எந்தத் தாளிலிருந்து எண்ணை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. கட்டமைப்புப் பொறியாளரின் தாளில் உள்ள 125 என்பது கான்கிரீட்டின் கனம் மட்டுமே. கட்டடக் கலைஞரின் குறுக்குவெட்டில் கூரையின் மேல் வரும் தட்டோடும், அதன் கீழுள்ள சுருக்கிக் கலவையும், அடிப்பூச்சும் சேர்ந்த மொத்தக் கனமாக ஓர் எண் எழுதப்பட்டிருக்கலாம். இரண்டு தாள்களும் கையில் இருந்தால், கட்டமைப்புத் தாளில் உள்ளதையே கொள்ள வேண்டும்.

5" என்று எழுதியிருந்தால் 127 மி.மீ. என்று எடுப்பதா, 125 என்று எடுப்பதா என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். நம் தளத்தில் அந்த வேறுபாடு ஒரே ஒரு மூட்டை சிமெண்ட். அதற்காக நேரம் செலவிடுவதைவிட, நடு இலக்கம் 2-ஆ 5-ஆ என்று கேட்டு உறுதி செய்வது பன்னிரண்டு மூட்டைக்குச் சமமான பயனைத் தரும்.

பரப்பும் தளத்தின் கனஅளவும்

இப்போது தளத்தின் பரப்பைக் காண்போம். சுவர்களின் வெளிமுகம் வரையிலான செவ்வகம் 27.5 × 23.75 = 653.13 சதுர அடி. முன்பக்கம் 12 அடி நீளத்திற்கு 3 அடி வெளியே நீளும் பகுதி ஒன்று இருந்தது. அதன் பரப்பு 36 சதுர அடி. அதன் அருகில் 150/100 என்று எழுதியிருந்ததன் பொருள், சுவரை ஒட்டிய இடத்தில் 150 மி.மீ. கனமும் நுனியில் 100 மி.மீ. கனமும் என்பதாகும். சீராகச் சரியும் பகுதிக்குச் சராசரியை எடுத்தால் போதும். அது 125, ஆகவே இதைத் தளத்தோடு சேர்த்தே கணக்கிடலாம். வீட்டின் உள்ளே வெளிச்சத்துக்காக விட்ட திறப்பு 5 அடிக்கு 4 அடி, அதாவது 20 சதுர அடி. அதைக் கழிக்க வேண்டும். 0.1 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு திறப்புகளையும், கம்பிகள் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கழிப்பதில்லை என்பது IS 1200 வகுத்த அளவீட்டு முறை. கூரையில் குழாய்க்காக விடும் துளைகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஆக, நிகரப் பரப்பு 669.13 சதுர அடி, மீட்டரில் 62.16 சதுர மீட்டர். இதை 0.125-ஆல் பெருக்கினால் தளத்தின் கான்கிரீட் 7.77 கன மீட்டர். கன அடியில் வேண்டுவோர் 35.315-ஆல் பெருக்கினால் 274 கன அடி கிடைக்கும். அடியில் பரப்பும் மி.மீ.-இல் கனமும் ஒரே தாளில் கலந்திருப்பது நம் ஊர் வரைபடங்களின் வழக்கம் என்பதால், பெருக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றிவிடுவதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

பீம்களை இருமுறை எண்ணாதீர்கள்

தளத்தோடு சேர்த்தே கூரைப் பீம்களுக்கும் கான்கிரீட் போடுகிறோம். நம் தாளில் அவை B1 230x400 என்று குறிக்கப்பட்டிருந்தன. இதில் 400 என்பது பீமின் அடியிலிருந்து தளத்தின் மேல்மட்டம் வரையிலான முழு ஆழம். தளத்தின் 125 மி.மீ. அதற்குள் அடங்கியிருக்கிறது, அந்தப் பகுதியை நாம் தளத்தின் பரப்பில் ஏற்கெனவே எண்ணிவிட்டோம். ஆகவே பீமுக்காகச் சேர்க்க வேண்டியது தளத்தின் கீழே தொங்கும் 275 மி.மீ. மட்டுமே.

நீளவாக்கில் மூன்று பீம்கள், ஒவ்வொன்றும் 27.5 அடி, மொத்தம் 82.5 அடி. குறுக்குவாக்கில் மூன்று பீம்கள். இவை நீளவாக்கிலுள்ளவற்றைச் சந்திக்கும் இடங்களை மறுபடி எண்ணாமலிருக்க, இவற்றுக்கு அறைகளின் உள்ளளவான 11 + 10.5 = 21.5 அடியை மட்டும் எடுத்தால் மொத்தம் 64.5 அடி. இரண்டும் சேர்ந்து 147 அடி, அதாவது 44.81 மீட்டர். இதை 0.23-ஆலும் 0.275-ஆலும் பெருக்கினால் 2.83 கன மீட்டர். தவறுதலாக முழு 400 மி.மீ.-ஐ எடுத்திருந்தால் 4.12 கன மீட்டர் வந்திருக்கும்; பத்து மூட்டைக்கு மேல் வீணாக இறக்கியிருப்போம். தூண்களைப் பீமின் அடிமட்டம் வரை முன்பே நிரப்பியிருக்கிறார்கள் என்ற அடிப்படையில் இக்கணக்கு சரி. தூண்களை அதற்குக் கீழேயே நிறுத்தியிருந்தால் விடுபட்ட உயரத்தை அளந்து சேர்க்க வேண்டும். கழிப்பறைக்காகத் தாழ்த்திய கட்டம் இருக்குமானால், அதன் சுற்றுப் பீம்களின் ஆழம் வேறாக இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தளமும் பீமும் சேர்ந்து 10.60 கன மீட்டர். சென்ட்ரிங் தகடுகளின் தொய்வுக்கும் சிந்துவதற்கும் நான் 3 சதவீதம் சேர்ப்பது வழக்கம். இது கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் எண் அன்று. தகடுகள் கான்கிரீட்டின் எடையில் சராசரியாக 5 மி.மீ. தொய்ந்தாலே இந்தப் பரப்பில் 0.31 கன மீட்டர் கூடுதலாகச் செல்லும். அது ஏறத்தாழ 3 சதவீதம். ஆகவே நாம் தயாராக வைத்திருக்க வேண்டியது 10.92 கன மீட்டர்.

கன மீட்டரிலிருந்து மூட்டைக்கு

M20 தரத்துக்குத் தளத்தில் பரவலாகப் பயன்படும் கலவை 1:1½:3. ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல் அல்லது எம்-சாண்ட், மூன்று பங்கு 20 மி.மீ. ஜல்லி, ஆக மொத்தம் 5.5 பங்கு. உலர்ந்த பொருள்களைப் பெட்டியால் அளக்கும்போது ஜல்லிக் கற்களுக்கு இடையிலும் மணல் துகள்களுக்கு இடையிலும் வெற்றிடம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கலந்து அதிரவைத்ததும் மணல் ஜல்லியின் இடைவெளியிலும், சிமெண்ட் மணலின் இடைவெளியிலும் இறங்கிவிடுவதால் மொத்த அளவு சுருங்குகிறது. இதனால்தான் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 1.54 கன மீட்டர் உலர் பொருள்கள் வேண்டும் என்று கொள்கிறார்கள். சிமெண்ட்டின் தளர்வான அடர்த்தி கன மீட்டருக்கு 1440 கிலோ.

```
10.92 × 1.54        = 16.82 மீ³ (உலர்)
16.82 ÷ 5.5         = 3.058 மீ³ சிமெண்ட்
3.058 × 1440 ÷ 50   = 88.1 மூட்டை
```

மணல் இதைப் போல் ஒன்றரை மடங்கு, 4.59 கன மீட்டர், அதாவது 162 கன அடி. ஜல்லி மூன்று மடங்கு, 9.17 கன மீட்டர், அதாவது 324 கன அடி. 100 கன அடியை ஒரு யூனிட்டாகக் கொள்ளும் கணக்கில் மணல் 1.62 யூனிட், ஜல்லி 3.24 யூனிட்.

இந்த 1.54 எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு மூட்டையை வைத்துச் சரிபார்ப்பது பயனுள்ளது. ஏனெனில் இதை இயற்கை விதி போலப் பலர் நம்புகிறார்கள். ஒரு மூட்டையின் 50 கிலோ சிமெண்ட் தளர்வாக 34.7 லிட்டர், துகள்களாக மட்டும் கணக்கிட்டால் 16 லிட்டர் இடத்தை அடைக்கிறது. அதற்குரிய 52 லிட்டர் மணல் சுமார் 80 கிலோ. வெற்றிடம் நீங்கலாக 30 லிட்டர். 104 லிட்டர் ஜல்லி சுமார் 155 கிலோ. அது 58 லிட்டர். தண்ணீர் 27 லிட்டர். கூட்டினால் 131 லிட்டர். அதாவது ஒரு மூட்டை 0.131 கன மீட்டர் கான்கிரீட் தருகிறது; கன மீட்டருக்கு 7.6 மூட்டை. 1.54-ஐ வைத்து வரும் எண்ணோ கன மீட்டருக்கு 8.06. ஆகவே அந்தக் காரணிக்குள்ளேயே சிறிது பாதுகாப்பு ஒளிந்திருக்கிறது. நம் தளம் 83 மூட்டையிலேயே முடிந்துவிடவும் கூடும். மறுபுறம், ஈரமான மணல் உப்பிப் பெட்டியை நிரப்பிவிடுமானால் உண்மையான மணல் குறைவாகச் செல்லும். அப்போது மூட்டை கூடும். மழைக்குப் பிறகு குவியலிலிருந்து அள்ளும் மணலில் இந்த உப்பல் 20 சதவீதத்திற்கும் மேல் போவதுண்டு. 3 சதவீதத்துக்கு மேல் நான் எதையும் சேர்க்காததற்குக் காரணம் இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே உள்ளே இருப்பதுதான். 90 மூட்டை இறக்கச் சொல்வேன். மிஞ்சுவது கைப்பிடிச் சுவர் வேலைக்கு அதே வாரத்தில் பயன்பட்டுவிடும்.

பெரிய கணக்கெல்லாம் சரிதானா என்று ஒரே வரியில் பார்க்க 125 மி.மீ. கனத்துக்கு ஓர் அழகான வசதி உண்டு. 1.54-ஐ வைத்த கணக்கின்படி ஒரு மூட்டை தரும் 0.124 கன மீட்டர், 125 மி.மீ. கனத்தில் விரித்தால் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டரை நிரப்புகிறது. தளம் 62 சதுர மீட்டர், ஆகவே 62 மூட்டை. பீம் 2.83 கன மீட்டருக்கு எட்டெட்டாக 23 மூட்டை. மொத்தம் 85, அதோடு 3 சதவீதம் சேர்த்தால் 88. விரிவான கணக்கும் இதையே சொன்னது. இரண்டும் பத்து மூட்டைக்கு மேல் விலகினால் ஏதோ ஓரிடத்தில் அலகு தவறியிருக்கிறது.

இந்த மூட்டைக் கணக்கின் எல்லை M20 வரைதான். IS 456, இப்படிப் பங்குகளால் கலக்கும் முறையை M20-க்கு மேல் ஏற்பதில்லை. தாளில் M25 அல்லது M30 என்று எழுதியிருந்தால் (கடலோர ஊர்களில் அப்படி எழுதியிருக்கவே வாய்ப்பு அதிகம்) ஆய்வகம் தந்த கலவை வடிவமைப்பில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ சிமெண்ட் என்று இருக்கிறதோ அதை 10.92-ஆல் பெருக்கி 50-ஆல் வகுக்க வேண்டும். 1.54 அங்கே வேண்டியதில்லை.

ரெடிமிக்ஸ் வாங்குவோருக்கும் 1.54 வேண்டியதில்லை. வண்டியில் வருவது கலந்த கான்கிரீட். அதைக் கன மீட்டரில்தான் விற்கிறார்கள். ஆகவே ஆர்டர் 11 கன மீட்டர். 16.8 என்று ஆர்டர் கொடுத்து, மிச்சத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டி ஒன்றுக்குப் பொதுவாக 6 கன மீட்டர் வரும். முதல் வண்டியைக் கொட்டி முடித்ததும் மீதிப் பரப்பையும் நிரம்பாத பீம்களையும் அளந்து, இரண்டாவது வண்டியின் அளவை அப்போது உறுதி செய்வது நல்லது.

கான்கிரீட் போடும்போது கணக்கைச் சோதித்தல்

தளத்தில் கணக்கு தவறுவதை மூட்டைகள் தீர்ந்த பிறகு அறிவதில் பயனில்லை. ஓர் 8 மி.மீ. கம்பித் துண்டில் நுனியிலிருந்து 125 மி.மீ. தூரத்தில் வண்ணநாடாவைச் சுற்றிக்கொண்டு, நிரப்பி மட்டம் செய்த இடங்களில் கம்பிகளுக்கு நடுவே தகடு தொடும்வரை குத்திப் பாருங்கள். நாடா கான்கிரீட்டின் மட்டத்தில் நிற்க வேண்டும். அது உள்ளே மூழ்கினால் கனம் கூடிக்கொண்டிருக்கிறது. வெளியே தெரிந்தால் குறைகிறது. கட்டத்தின் ஓரத்தில் சரியாக இருந்து நடுவில் மட்டும் மூழ்கினால் தகடு தொய்கிறது என்று பொருள். கீழே முட்டுகளைப் பார்க்க ஆளனுப்ப வேண்டும். எங்கும் ஒரே அளவாக மூழ்கினால் ஓரப் பலகையின் உயரமே தவறு.

இதோடு காலியான மூட்டைகளையும் எண்ணி வாருங்கள். பெரிய கட்டமான 14 அடிக்கு 11 அடி, 154 சதுர அடி, 14.3 சதுர மீட்டர். பீம்களை முதலில் நிரப்பிவிட்டு இந்தக் கட்டத்துக்கு வந்தால், அது நிரம்பும்போது பதினான்கு அல்லது பதினைந்து மூட்டைகள் காலியாகியிருக்க வேண்டும். பதினெட்டு ஆகியிருந்தால், மீதமுள்ள பரப்புக்கு இருப்பு போதாது என்பது அந்த முதல் கட்டத்திலேயே தெரிந்துவிடும். காலை பத்து மணிக்குக் கடைக்குச் சொல்லியனுப்பினால் மதியத்துக்குள் மூட்டை வந்துவிடும்.